பின்தங்காத சராசரிக் கோடு: காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை

கேள்வி: ராயக்கோட்டையில் தக்காளி வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறேன். தினசரி விலையை எக்செல்லில் போட்டு 9 நாள் சராசரி பார்க்கிறேன். விலை ஏறி நாலு நாள் கழித்துத்தான் கோடு ஏறுகிறது. ‘பின்தங்கவே பின்தங்காத கோடு’ என்று ஒருவர் 4,500 ரூபாய்க்கு ஒரு ஃபைல் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் இரட்டை அடுக்குச் சராசரியாகத்தான் இருக்கும். 1994-லேயே வெளிவந்த சூத்திரம், நீங்களே போட்டுக்கொள்ளலாம். B பத்தியில் விலை இருக்கட்டும். முதல் விலையை (B2) அப்படியே C2, D2 இரண்டிலும் எழுதிவிட்டு, மூன்றாம் வரிசையிலிருந்து:

```
C3: =0.2*B3+0.8*C2
D3: =0.2*C3+0.8*D2
E3: =2*C3-D3
```

C என்பது சாதாரண அடுக்குச் சராசரி. உங்கள் 9 நாள் சராசரியைப் போலவே 4 நாள் பின்தங்கும். E-தான் அவர் விற்கும் கோடு. கிலோவுக்கு தினம் 1 ரூபாய் வீதம் விலை சீராக ஏறிக்கொண்டிருந்தால், C 4 ரூபாய் கீழே நிற்கும், E விலையோடு ஒட்டிக்கொள்ளும். அதுவரை அவர் சொல்வது நிஜம்.

ஏற்றம் 40 ரூபாயில் நின்றால் என்ன ஆகிறது என்று பாருங்கள். விலை 40-லேயே நிற்க, E மறுநாள் 40.64, அதற்கடுத்த நாள் 41.02 என்று போய் 41.31 வரை ஏறும். சந்தையில் யாரும் கேட்காத விலை அது! இன்றைய விலைக்கு E தரும் எடை 0.36, C தருவது 0.20. அந்தக் கூடுதலை ஈடுகட்ட, 9 நாளுக்கு முந்தைய விலைகளுக்கு எதிர்மறை எடை விழுகிறது. மிஞ்சி ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

லாரி வராத ஒரு நாள் மட்டும் 18 ரூபாய் விலை 28 ஆகி மறுநாள் இறங்கினால், C 20-க்குப் போகும், E 21.60-க்குத் தாவும். தினசரி ஏற்ற இறக்கத்தில் C மூன்றில் ஒரு பங்கைக் கோட்டில் விடுகிறது, E பாதியை விட்டுவிடுகிறது. தாமதம் போன இடத்தில் இரைச்சல் ஒன்றரை மடங்கு.

‘தானாகத் தகவமைக்கும்’ கோடு என்று அடுத்ததைக் காட்டுவார். கடந்த 10 நாளின் நிகர மாற்றத்தை, தினசரி நகர்வுகளின் கூட்டுத்தொகையால் வகுத்து அது தன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அந்த 28 ரூபாய் நாளில் நிகர மாற்றம் பெரிதாகத் தெரிவதால் வேகமெடுத்து ஏறும். மறுநாள் நிகரம் ஏறக்குறைய பூஜ்யம் ஆனதும் வேகம் செத்து, ஏறிய இடத்திலேயே நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

விற்பவரிடம் சோதிக்க: கடைசி 5 வரிசைகளை அழித்துவிட்டுப் பழைய நாட்களின் கோடு மாறுகிறதா பாருங்கள். மாறினால் அது பின்னால் வந்த விலையைப் பார்த்து வரைந்த கோடு, இன்றைய கொள்முதலுக்கு உதவாது. மற்றபடி ஏலத்தில் கேட்க C போதும். E-ஐப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே திசையில் 2 நாள் நகர்ந்தால் மட்டும் கூடுதல் பெட்டி எடுங்கள்.