வட்டியில்லாத் தவணையில் லேப்டாப்: ரொக்க விலையைக் கேட்டீர்களா?

காட்பாடியிலிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர்: "ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடையில் 48,000 ரூபாய் லேப்டாப். 12 தவணை, மாதம் 4,000, வட்டி கிடையாது. முதல் நான்கு தவணையை இப்போதே கட்டணும் என்கிறார்கள். வட்டியே இல்லையென்றால் எனக்கு என்ன நஷ்டம்?"

தம்பி, அதே கடைக்கு இன்னொரு நாள் போய், தவணைப் பேச்சையே எடுக்காமல், "இன்னைக்கே முழுப்பணம் ஜிபேல போட்டா கடைசி விலை என்ன?" என்று கேளுங்கள். 45,500 என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு உண்மையான விலை அதுதான். 48,000 என்பது தவணைக்காரருக்கான விலை. ஃபைனான்ஸ் கம்பெனி சும்மா கடன் தருவதில்லை. தனக்கு வரவேண்டிய வட்டியைக் கடைக்காரரிடமோ தயாரிப்பாளரிடமோ வாங்கிக்கொள்கிறது. கடைக்காரர் உங்களுக்குக் குறைக்கவேண்டியதைக் குறைக்காமல் அதைச் சரிக்கட்டுகிறார்.

இனி கணக்கு. முதல் நாளே நான்கு முன்தவணை 16,000 போகிறது. ப்ராசஸிங் கட்டணம் 1,000 என்றால் 18% ஜி.எஸ்.டி.யோடு 1,180. ஆக அன்றே உங்கள் கையைவிட்டுப் போனது 17,180. ரொக்க விலை 45,500-இல் அதைக் கழித்தால் மீதி 28,320. உங்களுக்கு நிஜமாகக் கிடைத்த கடன் இவ்வளவுதான். இதற்கு எட்டு மாதம் 4,000 வீதம் 32,000 திருப்பித் தருகிறீர்கள். கூடுதலாகப் போவது 3,680.

"இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் 28,320 ரூபாயும் எட்டு மாதம் முழுக்க உங்களிடம் இருப்பதில்லை, மாதாமாதம் கரைந்துகொண்டே வருகிறது. போனிலுள்ள ஷீட்ஸில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
=RATE(8,-4000,28320)*12
```

ஆண்டுக்கு ஏறக்குறைய 33.6% என்று வரும். தெருமுனை அடகுக்கடைக்காரர் இந்த வட்டி சொன்னால் உங்கள் அம்மா சண்டைக்கே போயிருப்பார்! அடைப்புக்குறிக்குள் முதலில் இருப்பது மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை, அடுத்து மாதத் தவணை, கடைசியில் நிஜக் கடன். உங்கள் எண்களை அங்கே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ரொக்கத்துக்கும் 48,000-தான், ஒரு பைசா குறையாது என்று கடைக்காரர் சொன்னால் நிலைமை வேறு. அப்போது உங்களுக்குச் செலவு அந்த 1,180 மட்டுமே. தாராளமாகத் தவணையில் வாங்கலாம்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: "மகள் கையெழுத்துப் போட்ட தாளில் வட்டி 0% என்றுதான் இருக்கிறது. அப்புறம் எப்படி நஷ்டம் என்கிறீர்கள்?"

அந்தத் தாள் பொய் சொல்லவில்லை அம்மா. 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய ஓர் அறிக்கையைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கே.எஃப்.எஸ். என்பார்கள். அதில் ஏ.பி.ஆர். என்ற வரியைப் பாருங்கள், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அங்கே இருக்கும். ஆனால் கடையில் கிடைக்காமல் போன தள்ளுபடி அந்தத் தாளுக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சேர்க்கவேண்டும். ஒரு சௌகரியமும் உண்டு: அறிக்கையில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் மகளின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கமுடியாது. புரிகிற மொழியில் கேட்டு வாங்கவும் உரிமை இருக்கிறது. "ஸ்க்ரீன் இன்ஷூரன்ஸ்", "கூடுதல் வாரண்டி" என்று பில்லில் ஒட்டிக்கொண்டு வருபவற்றை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ராணிப்பேட்டையிலிருந்து கலைக்கல்லூரி மாணவர்: "20,000 ரூபாய் போனுக்கு மாதம் ஒன்றேகால் வட்டி, 12 மாதம். பரவாயில்லையா?"

முதல் மாதம் முதல் கடைசி மாதம்வரை முழு 20,000-க்கும் வட்டி போடுகிறார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வட்டி 3,000, தவணை ஏறக்குறைய 1,917. பதினோராவது மாதம் நீங்கள் தரவேண்டியது இரண்டு தவணைதான், ஆனாலும் 20,000-க்கான வட்டி ஓடுகிறது. பார்வைக்கு 15%, நிஜத்தில் 26 விழுக்காட்டுக்கு மேல்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர்: "எனக்கு 17 வயது. சித்தப்பா பெயரில் தவணை போட்டு நான் கட்டலாமா?"

18 ஆகாமல் உங்கள் பெயரில் கடன் ஒப்பந்தம் செல்லாது, அதனால்தான் கடைக்காரர் சித்தப்பாவைக் கூட்டிவரச் சொல்கிறார். ஆனால் கடன் அவருடையது, கிரெடிட் ஸ்கோரும் அவருடையது. தவணை 1,917 என்று வையுங்கள்; அது தானாக எடுக்கப்படும் நாளில் அவர் கணக்கில் 1,900 மட்டும் இருந்து 17 ரூபாய் குறைந்தாலும் தவணை திரும்பும். ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு அபராதம் போடும், பெரும்பாலும் வங்கியும் தனியாக ஒன்று போடும். இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய் போய்விடும். பணத்தைத் தவணை நாளுக்கு மூன்று நாள் முன்பே அவர் கணக்கில் போட்டுவிட்டு, போட்டதை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.