கேபிள் இல்லாத ஆக்சிலேட்டர்: கேள்வி பதில்

கேபிளே இல்லன்னா முறுக்கும்போது கையில இழுவை எப்படித் தெரியுது?

அது கைப்பிடிக்குள் வைத்திருக்கும் ஸ்பிரிங்கின் வேலை. பக்கத்திலேயே ஒரு சென்சார், எவ்வளவு முறுக்கினீர்கள் என்பதை வோல்டேஜாக, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்லும். ஈசியூ இன்ஜின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, த்ராட்டில் பாடியில் இருக்கும் சின்ன மோட்டாரைத் திருப்பும். காற்று போகும் வழியில் உள்ள தகடு அப்போதுதான் திறக்கும். சொன்ன அளவுக்குத் திறந்ததா என்று பார்க்க அங்கேயும் ஒரு சென்சார் உண்டு. 2006 யமஹா ஆர்6-இல் கைப்பிடியிலிருந்து சென்சார் வரை கேபிள்தான் போகும். அதனால் கேபிளைப் பார்த்ததும் பழைய முறை என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்பாச்சி ஆர்ஆர் 310 வெச்சிருக்கேன். ரெயின் மோடு போட்டா ஏபிஎஸ் மட்டும்தானே மாறும்?

பாதி சரி. 2020-இல் அந்த வண்டிக்கு ரைடு-பை-வயர் என்கிற இந்தக் கேபிள் இல்லாத முறை வந்தபோது ஸ்போர்ட், டிராக் மோடுகளில் 34 பிஎஸ், அர்பன், ரெயினில் 25.8 பிஎஸ் என்று கொடுத்தார்கள். இன்ஜின் அதேதான். கைப்பிடியைக் கடைசிவரை முறுக்கினாலும், மேல் ஆர்பிஎம்மில் தகட்டை முழுசாகத் திறக்க ஈசியூ விடாது. இதைவிட முக்கியம், முறுக்கத் தொடங்கும் இடம். ஈரமான மேம்பாலத்தில் மணிக்கட்டு கொஞ்சம் அதிகமாகத் திரும்பிவிட்டாலும் ரெயினில் தகடு நிதானமாகத் திறக்கும். ஸ்போர்ட்டில் அதே அளவு முறுக்கினால் பின்சக்கரம் வழுக்கலாம். அர்பனுக்கும் ரெயினுக்கும் பவர் ஒன்றுதான். அங்கே மாறுவது நீங்கள் சொன்ன ஏபிஎஸ்.

அப்போ மழை இல்லாதப்பவும் ரெயின்லயே ஓட்டினா மைலேஜ் கூடுமே? எனக்குக் கூடுது.

சீராக 60-இல் போக வேண்டிய பவர் எந்த மோடிலும் ஒன்றுதான். ரெயினில் கை கொஞ்சம் அதிகம் திரும்பும், அவ்வளவே. டவுனுக்குள் வெடுக்கென்று முறுக்கும் பழக்கம் இருந்தால் மிச்சமாகலாம். உங்களுக்குக் கூடியது மோடாலா, ஓட்டிய விதத்தாலா? ஒரே வழியில், டேங்க் நிரப்பி, இரண்டு மோடிலும் ஓட்டிப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

என் ஸ்ப்ளெண்டர்ல கேபிள் அறுந்து நடுரோட்டுல நின்னேன். இதுல சென்சார் போனா வண்டி தானா பறந்துடாதா?

பறக்காமல் இருக்கத்தான் ஒரே கூட்டுக்குள் இரண்டு சென்சார் வைக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஒன்று 2 வோல்ட் காட்டினால் மற்றது 1 காட்ட வேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால் ஈசியூ இரண்டையும் நம்பாது. மோட்டாருக்கு கரண்டை நிறுத்திவிடும். தகடு ஸ்பிரிங்கால் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். இன்ஜின் விளக்கு எரியும், முறுக்கினாலும் ஆர்பிஎம் ஏறாது, ஓரமாக ஊர்ந்து போகலாம். அப்படி நின்றால் உடனே சென்சாரை மாற்றச் சொல்லாதீர்கள். வாட்டர் வாஷ் செய்தபின் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம்.

நான் மெக்கானிக். த்ராட்டில் பாடி கழுவினதுக்கப்புறம் ஐடில் ஏறி நிக்குது, ஸ்க்ரூவையும் காணோமே?

ஐடிலையும் அந்த மோட்டாரே பார்த்துக்கொள்வதால் ஸ்க்ரூ இருக்காது. அழுக்கு இருந்தபோது பழகிய அளவுக்கே ஈசியூ இன்னும் தகட்டைத் திறக்கிறது. ஸ்கேனர் போட்டு அதை மறுபடி கற்றுக்கொள்ள வையுங்கள். அப்புறம், சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளிக் கழுவாதீர்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரம் பிளாஸ்டிக்காக இருந்தால் பல் போய்விடும்.