கசகசா குருமாவும் இருமல் மருந்தும்: மெடிக்கலுக்கு முன் ஒரு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகனுக்குக் கப்பல் கம்பெனியில் இடம் கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை மெடிக்கல், ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் விசேஷம், அவனுக்கு இருமல் வேறு. குருமாவில் போடும் கசகசாவும் இருமல் சிரப்பும் போதைப்பொருள் சோதனையில் மாட்டிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டிவிடலாம். ஆனால் எல்லாப் பொருளும் ஒரே மாதிரி மாட்டுவதில்லை, தப்பிக்கும் வழியும் ஒன்றல்ல.

முதலில் சோதனை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சிறுநீரை ஒரு கார்டில் விடுவார்கள். கோடு விழுந்தால் நெகட்டிவ், விழாவிட்டால் பாசிட்டிவ். கர்ப்பச் சோதனைக் கார்டுக்கு நேர் எதிர். மங்கலான கோடும் கோடுதான். இந்தக் கார்டு ஒரு பொருளைத் துல்லியமாக அடையாளம் காண்பதில்லை, அதன் சாயல் உள்ளவற்றையும் பிடிக்கும். சளி மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎபெட்ரின், கார்டில் ஆம்பெடமைன் என்ற போதைப்பொருளுக்கான கட்டத்தில் பாசிட்டிவ் காட்டலாம். லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், மார்ஃபின் போன்ற அபின் வகைப் பொருள்களுக்கான ஓபியேட் கட்டத்தில் காட்டலாம். இவைதான் உண்மையான பொய் பாசிட்டிவ். அதே சாம்பிளை லேபுக்கு அனுப்பி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் உறுதிப்படுத்தினால், போதைப்பொருள் இல்லை என்பது தெரிந்துவிடும்.

கசகசா விஷயம் வேறு. அது அபினிச் செடியின் விதை. காயின் பாலில் இருக்கும் மார்ஃபின் விதையின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. சாப்பிட்டவர் சிறுநீரில் இருப்பது நிஜமான மார்ஃபின். அதனால் லேப் எவ்வளவு உயர்ந்த கருவியில் பார்த்தாலும் "மார்ஃபின் இருக்கிறது" என்றுதான் சொல்லும். கோடீன் கலந்த இருமல் சிரப்பும் அப்படித்தான். உடம்பு கோடீனில் ஒரு பகுதியை மார்ஃபினாகவே மாற்றுகிறது. இங்கே காப்பாற்றுவது இரண்டு: எவ்வளவு இருக்கிறது என்ற அளவு, கையில் இருக்கும் மருந்துச்சீட்டு.

அளவு ஏன் முக்கியம் என்றால், அமெரிக்க அரசு தன் வேலையிடச் சோதனையில் ஓபியேட்டுக்கான வரம்பை 1998-ல் ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தியது. கசகசா சாப்பிட்டவர்கள் மாட்டியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் கடைகளில் 300 வரம்புள்ள கார்டுகள் இன்றும் கிடைக்கின்றன, சில கிளினிக்குகளில் அதுதான் இருக்கும்.

என்னிடம் வந்த ஒரு மரைன் இன்ஜினியரிங் மாணவன் கதை இது. முந்தைய இரவு வீட்டில் கசகசா பாயசம், இரண்டு டம்ளர் குடித்திருக்கிறான். காலையில் 300 கார்டில் ஓபியேட் கட்டத்தில் கோடு விழவில்லை. கிளினிக்கில் "ஃபெயில்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் மூன்று விஷயம் எழுத்தில் கேட்கச் சொன்னேன்: கார்டின் வரம்பு என்ன, அதே சாம்பிளை லேபில் உறுதிப்படுத்துவார்களா, ஹெராயினுக்கே உரிய 6-அசிட்டைல் மார்ஃபினையும் பார்ப்பார்களா. லேப் ரிப்போர்ட்டில் மார்ஃபின் 640, கோடீன் மிகச் சொற்பம், 6-அசிட்டைல் மார்ஃபின் இல்லை. கம்பெனியின் கொள்கையில் வரம்பு 2000 என்று இருந்ததால் நெகட்டிவ் என்று எழுதிக்கொடுத்தார்கள். இடையில் பத்து நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். 6-அசிட்டைல் மார்ஃபின் இல்லாதது மட்டுமே ஹெராயின் எடுக்கவில்லை என்பதற்கு முழு ஆதாரம் ஆகாது, அது சில மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆனால் இருந்தால் கசகசாவைச் சாக்காகச் சொல்ல முடியாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதியில் மார்ஃபின் 15,000 நானோகிராமைத் தொட்டாலும் உணவுக் காரணம் எடுபடாது.

குருமாவில் எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, கசகசா விளைந்த இடத்தையும் அறுவடையையும் பொறுத்து மாறும். ஊறவைத்து நீரைக் கொட்டினால் குறையும், முழுதாகப் போகாது. பெரும்பாலும் இரண்டு நாளில் சிறுநீரிலிருந்து போய்விடும். ஆகவே மகனுக்கு வியாழக்கிழமை முதலே கசகசா வேண்டாம். குருமாவில் முந்திரி அரைத்துப் போடுங்கள், ருசி குறையாது. (வேலை கிடைத்தபின் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகும்போது பையில் கசகசா பொட்டலம் கட்டிக் கொடுக்காதீர்கள். அங்கே அது சோதனைப் பிரச்சினை அல்ல, சட்டப் பிரச்சினை.)

சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்றால் அது மார்ஃபினாக மாறாது. கோடீன் என்று இருந்தால், வேறு மருந்து தர முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். ஏற்கெனவே குடித்துவிட்டான் என்றால் சீட்டையும் பாட்டிலையும் எடுத்துப் போகட்டும், படிவத்தில் சாம்பிள் கொடுக்கும் முன்பே எழுதட்டும். ரிசல்ட் வந்தபின் சொன்னால் சமாளிப்பதுபோல்தான் தெரியும். ஆஸ்துமா, வலிப்பு, மன அழுத்தம் போன்றவற்றுக்குத் தினமும் எடுக்கும் மருந்தை இதற்காக நிறுத்தவே கூடாது.

அப்புறம், யாராவது "நிறையத் தண்ணி குடிச்சிட்டுப் போ" என்பார்கள். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளையும் சிறுநீரின் அடர்த்தியையும் அளப்பார்கள். நீர்த்த சாம்பிள் என்று எழுதி மறுபடி கூப்பிடுவார்கள். திங்கள் காலை வழக்கம்போல் ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.