போன மே மாதம் எத்தனை ஜாக்கெட்?

*அக்கா, நான் குடியாத்தத்தில் வீட்டிலேயே தையல் போடுகிறேன். லைனிங் ஜாக்கெட்டுக்கு 300 ரூபாய் வாங்குகிறேன், லைனிங் துணி, நூல், கொக்கி எல்லாம் போக 200 கையில் நிற்கும். மாதம் சுமார் 40 தைப்பேன். வருஷா வருஷம் டைரியின் முதல் பக்கத்தில் "இந்த வருஷம் தொழிலைப் பெரிசாக்கணும்" என்று எழுதுகிறேன். மார்ச் வந்தால் அந்த டைரி எங்கே போனதென்றே தெரிவதில்லை. மாதாமாதம் பிரித்துக்கொள் என்கிறார்கள். எதைப் பிரிப்பது, எப்படிப் பிரிப்பது?*
*— ஒரு வாசகி, குடியாத்தம்*

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் எழுதி வைத்த வரியை யாராலும் பிரிக்க முடியாது. அதில் எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. 'பெரிசு' என்றால் கூடுதல் ஜாக்கெட்டா, கூடுதல் பணமா, ஆரி வேலையா, கூட ஒரு ஆளா? நான்கையும் ஒரே வருஷத்தில் பிடிக்கப் பார்த்தால் ஒன்றையும் எண்ண மாட்டீர்கள். உங்கள் ஊரில் பீடி சுற்றுகிறவர்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் இன்றைக்கு எவ்வளவு சுற்றினோம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வராது. உங்களுக்கும் அப்படி ஒரு எண் வேண்டும்.

நீங்கள் எழுதிய கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மாதம் 40 என்றால் வருஷத்துக்கு 480 ஜாக்கெட், கையில் 96,000 ரூபாய். இதை 600 ஜாக்கெட், 1,20,000 ரூபாய் என்று வைப்போம். கால் பங்கு கூடுதல். இன்னும் பெரிதாக வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் தைப்பது ஒரே ஒரு ஜோடிக் கை.

இப்போது 600-ஐ 12-ஆல் வகுத்து மாதம் 50 என்று எழுதிவிடாதீர்கள். டைரி மார்ச்சில் காணாமல் போவதற்கு இந்த வகுத்தலும் ஒரு காரணம். தையல் வேலை எல்லா மாதமும் ஒரே மாதிரி வருவதில்லை. சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரை எடுத்து, ஒவ்வொரு மாதத்திலும் எத்தனை முகூர்த்த நாள் என்று எண்ணி எழுதுங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முன்னால் உங்கள் தெருவில் புது ஜாக்கெட் கேட்காத வீடு இருக்குமா? தீபாவளியோ அக்டோபர் நடுவிலும் வரும், நவம்பர் நடுவிலும் வரும். ஆகவே அந்த வருஷத்துத் தேதியைப் பார்த்து அதற்கு முந்தைய நான்கு வாரங்களைத்தான் பெரிய மாதமாக வைக்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் என் கணக்கில் ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் 50, மார்ச்சுக்கு 40, ஏப்ரலுக்கு 55, மே மாதத்துக்கு 70, ஜூனுக்கு 50 என்று வருகிறது. ஜூன் முடிய 315. ஆடி விழுகிற ஜூலைக்கு 35 போதும். தீபாவளிக்கு முந்தைய மாதத்துக்கு 75. மற்ற மாதங்களில் மிச்சத்தைப் போட்டால் 600 வந்துவிடும்.

சரி, மே மாதம் 70 தைக்க முடியுமா? அதை ஏப்ரலிலேயே பார்க்க வேண்டும். வெட்டி, தைத்து, எம்மிங் செய்து, கொக்கி வைக்க ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு இரண்டரை மணி நேரம் என்று வைப்போம். 70-க்கு 175 மணி நேரம். 26 நாள் உட்கார்ந்தால் தினமும் ஏறக்குறைய ஏழு மணி நேரம், அதுவும் வேலூர் மாவட்டத்து மே மாத வெயிலில். சமையலையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இது நடக்காது. எம்மிங்கையும் கொக்கியையும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரிடம் ஜாக்கெட்டுக்கு 25 ரூபாய் என்று கொடுத்தால், ஒன்றுக்கு அரை மணி நேரம் மிச்சம். மொத்தத்தில் 35 மணி நேரம். செலவு 1,750 ரூபாய், உங்கள் கணக்கில் அது குறையும், அதையும் எழுதிவிடுங்கள். ஆகவே ஏப்ரல் பக்கத்தில் '55 ஜாக்கெட்' என்பதோடு 'எம்மிங்குக்கு ஆள் பேசி, ஐந்து ஜாக்கெட் கொடுத்துப் பார்ப்பது' என்றும் ஒரு வரி வேண்டும். முதல் வரி பாதி உங்கள் கையில், பாதி வாடிக்கையாளர் கையில். இரண்டாவது வரி முழுக்க உங்கள் கையில். ஒவ்வொரு மாதத்துக்கும் இப்படி ஒன்று இருக்கட்டும். ஆரி வேலை கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் அதற்கு ஆடி மாதம்தான் இடம்.

அடுத்து நோட்டு. புது டைரி வேண்டாம், ஆர்டர் எழுதுகிற நோட்டே போதும். அதில் துணி வாங்கிய தேதி, தருகிறேன் என்று சொன்ன தேதி, கொடுத்த தேதி, வாங்கிய பணம் என்று நான்கு கட்டம் போடுங்கள். மாதக் கடைசி நாள் ராத்திரி இரண்டை மட்டும் எண்ணுங்கள்: எத்தனை துணி வந்தது, எத்தனை ஜாக்கெட் கொடுத்தோம். பாதி தைத்து மெஷின் மேல் கிடப்பதை எண்ணாதீர்கள். கொடுத்தால்தான் கணக்கு.

ஏன் இரண்டு எண் என்று சொல்கிறேன். மார்ச்சுக்கு 40 வைத்தீர்கள், 28-தான் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். 12 குறைவு. அந்த மாதம் வந்த துணியே 27 என்றால், உங்களிடம் நேரம் இருந்தது, ஆர்டர் இல்லை. அப்போது பழைய நோட்டைப் புரட்டி, ஆறு மாதமாக வராத வாடிக்கையாளர்களுக்குப் போன் போடுவதுதான் ஏப்ரல் வேலை. வந்த துணி 41 என்றால் கதையே வேறு. ஆர்டர் இருந்தது, உட்கார முடியவில்லை. சொன்ன தேதிக்கும் கொடுத்த தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் இழுத்திருக்கிறது என்று அந்தக் கட்டத்திலேயே தெரியும். அந்த நிலைமையில் போன் போட்டு இன்னும் ஆர்டர் பிடித்தால், தேதி தவறித் தவறி இருக்கிற வாடிக்கையாளரும் போய்விடுவார். அங்கே தேதியைத் தள்ளிச் சொல்ல வேண்டும், அல்லது எம்மிங் ஆளை முன்கூட்டியே அழைக்க வேண்டும். குறைந்த எண்ணிக்கை ஒன்றுதான், செய்ய வேண்டியது நேர் எதிர்.

குறைந்த 12-ஐ அப்படியே ஏப்ரல் தலையில் வைக்காதீர்கள். 55 திடீரென்று 67 ஆகும், அதுவும் முடியாது, மே மாதம் இன்னும் ஏறும். நோட்டை மூடி வைக்கிற நாள் அப்படித்தான் வருகிறது. ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட் மூன்றிலும் நான்கு நான்காகப் போடுங்கள். மே ஏற்கெனவே நிறைந்திருப்பதால் அதைத் தொட வேண்டாம்.

வருஷ எண்ணை மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றாதீர்கள். ஜூன் முடிவில் 315 இருக்க வேண்டிய இடத்தில் 260 இருந்தால், மீதி ஆறு மாதத்துக்கு வைத்த 285-ஐக் கூட்டி 545 என்று எழுதுங்கள். அப்போதும் 480-ஐவிட 65 கூடுதல். 600-ஐ அழிக்காமல், மேலே ஒரு கோடு மட்டும் போடுங்கள். அடுத்த வருஷம் எண் வைக்கும்போது அந்தக் கோடு போட்ட 600-தான் உங்களுக்குத் தேவைப்படும்.

நான் போட்ட மாத எண்களெல்லாம் உங்கள் நோட்டைப் பார்க்காமல் போட்டவை. போன வருஷ ஆர்டர் நோட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதில் மே மாதப் பக்கத்தைத் திறந்து, கொடுத்த ஜாக்கெட்டை மட்டும் எண்ணி எனக்கு எழுதுங்கள். 70 சரியா, மாற்ற வேண்டுமா என்று சேர்ந்து பார்ப்போம்.