இழந்ததை அன்றைக்கே பிடிக்கப் போவது

கேள்வி:

அண்ணா, நான் பரந்தனில ஹாட்வெயார் கடையில வேலை. ஒரு வருசமா போனில MT5 வைச்சு தங்கம் (XAUUSD) ட்ரேட் செய்யிறன். போன புதன் பின்னேரம் 0.02 லொட் வாங்கினன், 5 டொலர் கீழ ஸ்டொப் லொஸ். ஸ்டொப் அடிச்சு 10 டொலர் போச்சு. கோவத்தில உடனை அதே தூரத்தில ஸ்டொப் வைச்சு 0.05 போட்டன், 25 போச்சு. பிறகு ஸ்டொப் இல்லாமல் 0.10 போட்டன். 14 டொலர் இறங்கினாப் பிறகுதான் மூடினன். 40 நிமிசத்தில 600 டொலர் கணக்கு 425 ஆயிட்டுது. மனிசியின்ர சங்கிலியை அடகு வைச்சு 300 டொலர் போட்டால் விட்டதைப் பிடிக்கலாமோ?

— பெயர் வேண்டாம், பரந்தன்

பதில்:

தம்பி, சங்கிலி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். அந்த 300 டொலர் உங்களுடைய நாலாவது ட்ரேட். அதைப் போடுகிற நேரத்தில் மூன்றாவதைப் போட்ட மனநிலைதான் இன்னும் உங்களுக்குள் இருக்கும்.

MT5 இல் ஹிஸ்டரியைத் திறந்து அன்றைய மூன்று ட்ரேடையும் பாருங்கள். நீங்கள் எழுதியதைத் தவிர இன்னொன்றும் அங்கே பதிவாகியிருக்கும்: ஒரு ட்ரேட் மூடிய நேரத்துக்கும் அடுத்ததைத் திறந்த நேரத்துக்கும் இடையிலான இடைவெளி. "உடனை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டு நிமிடத்துக்குள் என்றால், அந்த ட்ரேடுக்கு நீங்கள் சார்ட்டைப் பார்த்து முடிவு எடுக்கவில்லை, மீதித் தொகையைப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். இடைவெளி சுருங்கும், லொட் பெருகும், ஸ்டொப் காணாமல் போகும். இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அது பழிவாங்கும் ட்ரேட். முதல் 10 டொலர் நீங்கள் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட நட்டம், அதில் ஒரு பிழையும் இல்லை. மிச்சம் 165 டொலரைப் பற்றித்தான் நாங்கள் பேச வேண்டும்.

கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முழுக்க நம்பவில்லை. உள்ளே ஒரு கணக்கும் ஓடியிருக்கிறது. தங்கத்தில் 1 லொட் என்பது 100 அவுன்ஸ். ஆகவே 0.02 என்பது 2 அவுன்ஸ், 0.10 என்பது 10 அவுன்ஸ். போன 10 டொலரை அதே 0.02 லொட்டில் மீட்பதென்றால் தங்கம் 5 டொலர் ஏற வேண்டும். 0.05 போட்டால் 2 டொலர் ஏறினாலே போதும். அதுவும் போய் நட்டம் 35 ஆனபோது, 0.10 இல் மூன்றரை டொலர் ஏறினால் பழைய 600 வந்துவிடும். லொட்டைக் கூட்டக் கூட்ட 600 கிட்ட வருவதுபோலத் தெரிகிறது. அந்த நேரத்தில் பயம் வராது, நம்பிக்கைதான் வரும், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 600 என்ற எண் உங்கள் போனில் மட்டும் இருப்பது, தங்கத்துக்கு அது தெரியாது. அமெரிக்காவின் பணவீக்கத் தரவோ வேலைவாய்ப்புத் தரவோ வெளிவரும் நேரம் எங்களுக்குப் பின்னேரம் 6 மணி, அங்கே குளிர்கால நேரம் என்றால் 7 மணி. அப்படியான ஒரு பின்னேரத்தில் தங்கம் 14 டொலர் ஆடுவது சாதாரணம்.

இது பழகாதவர்களுக்கு மட்டும் வருகிற வியாதியும் இல்லை. சிக்காகோ எதிர்காலச் சந்தையின் தொழில்முறை வணிகர்கள் 1998 இல் செய்த ட்ரேடுகளை கோவல், ஷம்வே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அலசி 2005 இல் வெளியிட்டார்கள். காலையில் நட்டப்பட்டவர்கள் அன்று பிற்பகலில் வழமையை விடக் கூடுதலான ரிஸ்க் எடுத்திருந்தார்கள். அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் நிலையே அதுவென்றால், கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டுப் பின்னேரம் போனை எடுக்கிற உங்களை "மனசைக் கட்டுப்படுத்துங்கோ" என்று சொல்லி அனுப்புவதில் பயனில்லை. வெள்ளத்தில் காலபோகம் அழிந்தால் அடுத்த கிழமையே விதைத்து அதை மீட்க எந்த விவசாயியாலும் முடியாது. சிறுபோகம் வரை காத்திருக்க வைப்பது நிலம்தான். போனில் அப்படி ஒரு காத்திருப்பு இல்லை. அதை நீங்களே கட்ட வேண்டும். அதற்குப் பெயர்தான் நாள் நட்ட வரம்பு: ஒரு நாளில் இவ்வளவு போனால் அன்றைக்கு ட்ரேட் முடிந்தது.

வரம்பு எவ்வளவு? இப்போது கையில் 425 இருக்கிறது, 600 ஐ மறந்துவிடுங்கள். ஒரு ட்ரேடுக்கு 0.01 லொட், ஸ்டொப் 5 டொலர் தூரத்தில். அப்படியென்றால் ஒரு தோல்விக்கு 5 டொலர். ஸ்டொப் சில நேரம் நீங்கள் வைத்த விலையிலிருந்து சற்று வழுகி விழும், அதற்கு ஒரு 30 சதம் சேருங்கள். இரண்டு தோல்வி 10.60. ஆகவே வரம்பு 11 டொலர். கணக்கில் இது இரண்டரை வீதத்துக்குச் சற்று மேல். சரியாக 10 என்று வைத்தால் முதல் தோல்விக்குப் பிறகு 4.70 தான் மிஞ்சும், இரண்டாவது ட்ரேட் அதற்குள் அடங்காது. "சரி, ஒரு சதம் ரெண்டு சதம்தானே" என்று முதல் நாளே விதியை வளைக்கப் பார்ப்பீர்கள். மூன்று தோல்விக்கு இடம் விடுகிறவர்களும் உண்டு. உங்களுக்கு இரண்டாவது ட்ரேடிலேயே கை தடுமாறியது, அதனால் இரண்டே போதும்.

இன்னொரு அளவும் பாருங்கள். நல்ல நாளில் வழமையாக எவ்வளவு எடுக்கிறீர்கள்? 12 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வரம்பு அடித்த நாளை ஒரு நல்ல நாள் சமப்படுத்திவிடும். போன புதனின் 175 ஐச் சமப்படுத்த அதே மாதிரி 15 நல்ல நாள் வேண்டும், இடையில் ஒரு கெட்ட நாளும் வராமல். வீதத்தில் சொன்னால், போனது 29 வீதம். 425 திரும்ப 600 ஆவதற்கு 41 வீதம் ஏற வேண்டும்.

இனி, விதி எங்கே ஓட்டையாகிறது என்பது. மூடிய ட்ரேட் மட்டும் கணக்கு, திறந்திருப்பது "இன்னும் நட்டமில்லை" என்று நினைப்பது முதல் ஓட்டை. உங்கள் மூன்றாவது ட்ரேட் திறந்தபடியே 50, 80, 120 என்று போனபோது அப்படித்தானே இருந்தீர்கள்? வரம்பை, திறந்த ட்ரேடின் லாப நட்டமும் சேர்ந்து தெரிகிற ஈக்விட்டியில் பாருங்கள், மூடியதை மட்டும் காட்டுகிற பலன்ஸில் வேண்டாம். காலையில் 425 என்றால் ஈக்விட்டி 414 ஐத் தொட்டவுடன் எல்லாம் மூட வேண்டும். புது ட்ரேட் திறக்க முன்னும் ஒரு கேள்வி: இதன் ஸ்டொப் அடித்தால் 414 க்குக் கீழே போகுமா? போகும் என்றால் திறக்கக்கூடாது. தரவு வெளிவரும் நிமிடத்தில் ஸ்டொப் நீங்கள் வைத்த விலையில் விழாமல் அதற்குக் கீழேயும் விழும். அதனால் அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் கால் மணித்தியாலம் கை வைக்காமல் இருந்தால்தான் 11 என்பது ஏறத்தாழ 11 ஆக நிற்கும்.

இரண்டாவது ஓட்டை, "நாள்" எப்போது முடிகிறது என்பது. அனேக புரோக்கர்களின் MT5 நேரம் எங்கள் நேரத்துக்கு இரண்டரை அல்லது மூன்றரை மணித்தியாலம் பின்னால். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே விடியப்புறம் 2.30 அல்லது 3.30. பின்னேரம் வரம்பு அடித்தவர் நித்திரையும் இல்லாமல் இருந்து, "புது நாள் தொடங்கிட்டுது" என்று அந்த நேரத்தில் திரும்ப இறங்குவார். உங்கள் நாள் அடுத்த நாள் பின்னேரம், வேலை முடிந்து வந்த பிறகு தொடங்குகிறது என்று எழுதி வையுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. விதியை எழுதியவரும் நீங்கள், காக்கிறவரும் நீங்கள். போனில் ஓடும் MT5 இல் தானாக மூடிவிடும் நிரலைப் போட முடியாது, அதற்குக் கணினி வேண்டும். ஆனால் இரண்டு காரியம் செய்யலாம்.

ஒன்று லெவரேஜ். 1:500 இல் தங்கம் 4,000 டொலர் என்று வைத்தால், 0.10 லொட்டின் பெறுமதி 40,000. அதற்குப் பிணையாகப் பிடிப்பது வெறும் 80 டொலர். அதனால்தான் அந்த ஓடர் தடங்கலில்லாமல் போனது. லெவரேஜை 1:20 க்கு இறக்குங்கள். 0.01 க்கு 200, 0.02 க்கு 400 பிடிக்கும். 0.03 க்கு 600 வேண்டும், உங்களிடம் இல்லை, ஓடர் நிராகரிக்கப்படும். கோபத்தில் லொட்டைக் கூட்டுகிற வழியே அடைபட்டுவிடும். லெவரேஜ் குறைத்தால் லாபம் குறையும் என்பார்கள், 0.01 லொட்டின் லாபம் 1:500 இலும் 1:20 இலும் ஒன்றுதான். சில புரோக்கர்கள் தங்கத்துக்குத் தனி லெவரேஜ் வைத்திருப்பார்கள், மாற்றிய பிறகு அதே அமைப்பில் ஒரு டெமோ கணக்குத் திறந்து 0.03 போட்டுப் பாருங்கள்.

மற்றது பாஸ்வேர்ட். MT5 கணக்குக்கு இரண்டு உண்டு: ட்ரேட் செய்யும் மாஸ்டர், பார்க்க மட்டும் விடும் இன்வெஸ்டர். மாஸ்டரை மனிசியின் போனில் சேமித்து வைக்கட்டும், நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். வரம்பு அடித்ததும் செயலியிலிருந்து கணக்கை நீக்கிவிட்டு இன்வெஸ்டர் பாஸ்வேர்டில் உள்ளே போங்கள். விலை பார்க்கலாம், வாங்க விற்க முடியாது. மின்னஞ்சல் மூலம் மாஸ்டரை மாற்ற வழி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்குச் சில நிமிடமாவது போகும். உங்கள் இரண்டாவது ட்ரேட் நடந்தது அதற்குள்தான். இதற்காக நடந்ததை மனிசியிடம் சொல்ல வேண்டி வரும். சங்கிலியைக் கேட்பதை விட அது சுகமான பேச்சு.

பணம் போடுகிற வழியையும் யோசியுங்கள். மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கு டெபிட், கிரெடிட் கார்ட் பாவிக்க மத்திய வங்கி 2021 இலிருந்து அனுமதிப்பதில்லை. அதனால் புரோக்கர் கணக்குக்குள் போடுவதற்கான USDT என்ற மெய்நிகர் நாணயத்தை ஆட்கள் முகம் தெரியாதவர்களுக்கு வங்கி மூலம் காசு அனுப்பி வாங்குகிறார்கள். அதில் ஏமாந்தால் முறையிடப் போகிற இடத்தில் உங்களுக்கே கேள்வி வரும். வெளிநாட்டுப் புரோக்கர் கணக்குக்கு இலங்கையில் எந்த மேற்பார்வையும் இல்லை. ஆகவே நட்டப்பட்ட கிழமையில் ஒரு சதமும் உள்ளே போகக்கூடாது என்பதையும் விதியில் சேருங்கள்.

இந்த வரம்பு உங்களை லாபகாரனாக்காது. கெட்ட நாளை 175 இலிருந்து 11 க்கு இறக்கும், அவ்வளவுதான். இரண்டு கிழமையில் பத்து ட்ரேடிங் நாளில் ஐந்தாறு நாள் வரம்பு அடித்தால், அங்கே பிரச்சினை கோபம் இல்லை, நீங்கள் வாங்குகிற முறை. அப்போது 425 ஐ வெளியே எடுத்து வைத்துவிட்டு டெமோவில் அந்த முறையைப் பாருங்கள்.