லிம்போசைட் கூடியே நிற்கிறது. மருந்து மட்டும் ஏன் இல்லை?

கேள்வி: என் வாப்பாவுக்கு வயது 71. சாய்ந்தமருதில் இருக்கிறோம். கண்புரை சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு கூடுதல் என்றார்கள். நான்கு மாதத்தில் மூன்று தடவை எடுத்தும் இறங்கவில்லை. பிளட் பிக்சர் பார்த்த வைத்தியர், சி.எல்.எல். என்ற இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று சொல்லி இன்னொரு பரிசோதனைக்கு எழுதித் தந்தார். மருந்து எதுவும் தரவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். வாப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, வயலுக்கும் போகிறார். புற்றுநோய் என்றால் உடனே வைத்தியம் தொடங்க வேண்டாமா? சென்னைக்குக் கூட்டிப்போகலாமா? ஹஜ்ஜுக்கும் போக நாடியிருக்கிறார். மூன்று ரிப்போர்ட்டுகளையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் வைத்தியர் செய்தது சரி. அவர் எழுதித் தந்த பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள். சென்னைப் பயணம் இப்போது தேவையில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளை வைத்தே விளக்குகிறேன்.

பெப்ரவரி ரிப்போர்ட்டில் வெண்கலங்கள், அதாவது வெள்ளை அணுக்கள், 17,800. அவற்றில் ஒரு வகையான லிம்போசைட் 66 சதவீதம். இந்தச் சதவீதத்தை அப்படியே பார்த்தால் ஒன்றும் விளங்காது. இரண்டையும் பெருக்க வேண்டும். 17,800இல் 66 சதவீதம் என்றால் ஏறக்குறைய 11,750 லிம்போசைட்டுகள். வளர்ந்தவர் ஒருவருக்கு இது சாதாரணமாக 1,000 முதல் 4,000 வரை இருக்கும். ஜூன் மாத ரிப்போர்ட்டில் வெண்கலங்கள் 19,200, லிம்போசைட் 69 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 13,250. அதே தாளில் நியூட்ரோபில் 25 சதவீதம் என்று போட்டு, பக்கத்தில் குறைவு என்று அடையாளமிட்டிருக்கிறார்கள். கிருமியோடு போராடும் கலம் குறைந்துவிட்டது என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். அதையும் பெருக்கிப் பாருங்கள்: 4,800 வருகிறது. அது நல்ல அளவு. லிம்போசைட் பெருகியதால் மற்றதன் பங்கு சிறுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான்.

லிம்போசைட் கூடுவதெல்லாம் புற்றுநோய் அல்ல. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு கூடும். புகைப்பவர்களுக்குச் சற்றுக் கூடி நிற்கும். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும் கூடும். தொற்றினால் கூடியது சில வாரங்களில் இறங்கிவிட வேண்டும். நான்கு மாதமாக இறங்காமல் நிற்பதும், பிளட் பிக்சரில் முதிர்ந்த சிறிய லிம்போசைட்டுகளும் கண்ணாடித் தட்டில் நசுங்கிப்போன ‘ஸ்மட்ஜ்’ கலங்களும் தெரிவதும்தான் உங்கள் வைத்தியரைச் சி.எல்.எல். பக்கம் யோசிக்க வைத்திருக்கின்றன.

அவர் எழுதித் தந்தது ‘ஃபுளோ சைட்டோமெட்ரி’. தொற்று வந்தால் பல வகை லிம்போசைட்டுகள் கலந்து பெருகும். சி.எல்.எல்.இல் எல்லாம் ஒரே தாய்க் கலத்தின் வாரிசுகள், ஒரே நெல்மணியிலிருந்து பெருக்கிய விதைநெல்லைப் போல. அந்த ஒற்றை வம்சத்தை இந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். கலத்தின் மேற்பரப்பில் சி.டி.5, சி.டி.19, சி.டி.23 ஆகிய அடையாளங்கள் சேர்ந்து இருக்கின்றனவா, கப்பா, லம்டா என்ற இரண்டில் ஒன்று மட்டுமே தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இப்படிப்பட்ட ஒரே வம்ச பி-லிம்போசைட்டுகள் 5,000 அல்லது அதற்கு மேல், குறைந்தது மூன்று மாதம் நின்றால் அது சி.எல்.எல். 5,000க்குக் குறைவாக இருந்து, நிணநீர்க் கணு வீக்கமோ வேறு அறிகுறியோ இல்லாவிட்டால் அதைப் புற்றுநோய் என்று சொல்வதே இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். இதேபோல் தோன்றும், ஆனால் வேறு விதமாக நடந்துகொள்ளும் சில லிம்போமாக்களையும், அதாவது நிணநீர்ப் புற்றுநோய்களையும், இந்தப் பரிசோதனை பிரித்துக் காட்டும். அதனால்தான் இதை விடக்கூடாது என்கிறேன்.

இதற்குக் கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு இரத்தம் போதும். எலும்பு மச்சையை ஊசியால் எடுக்கும் பரிசோதனை நோயை உறுதிசெய்ய வழக்கமாகத் தேவைப்படாது, சி.டி. ஸ்கேனும் இந்த நிலையில் வேண்டாம். இந்த இயந்திரம் எல்லா வைத்தியசாலைகளிலும் இருப்பதில்லை. மாதிரி வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தால் இரத்தம் மட்டும் போகட்டும், வாப்பா பஸ்ஸில் இரவெல்லாம் அலைய வேண்டியதில்லை. கலங்கள் உயிரோடு சென்றடைய வேண்டும் என்பதால் மாதிரி இரண்டு நாட்களுக்குள் ஆய்வுகூடத்தை அடைவது நல்லது. வெள்ளிக்கிழமையோ போயா விடுமுறைக்கு முதல் நாளோ இரத்தம் கொடுக்காதீர்கள். வாரத்தின் தொடக்கத்தில் கொடுங்கள்.

இனி மருந்துக்கு வருகிறேன். ‘புற்றுநோய், ஆனால் மருந்து இல்லை’ என்பதைக் கேட்கும் எந்தப் பிள்ளைக்கும் மனம் ஆறாது. முதியவர் என்று கைவிட்டுவிட்டார்களோ, மருந்து தட்டுப்பாடோ என்றெல்லாம் தோன்றும். இரண்டும் இல்லை. அறிகுறி இல்லாத ஆரம்ப நிலையிலேயே மருந்து தொடங்கினால் ஆயுள் கூடுமா என்று பல தடவை சோதித்துப் பார்த்துவிட்டார்கள். குளோராம்புசில் என்ற பழைய மாத்திரையை ஆரம்பத்திலேயே கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வின் முடிவு 1998இல் வெளிவந்தது: ஆயுள் கூடவில்லை. பிற்காலத்தில் வந்த இப்ருட்டினிப் மாத்திரையையும் அப்படியே சோதித்தார்கள். நோய் முற்றுவது தள்ளிப்போனது. ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுகள் மட்டும் வந்தன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு வாழ்நாள் முழுவதும் மருந்தே தேவைப்படுவதில்லை. வாப்பாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அப்படியானால் எப்போது தொடங்குவார்கள்? லிம்போசைட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அல்ல. அது 50,000 ஆனாலும், அதைவிடக் கூடினாலும், அந்த எண்ணுக்காக மட்டும் மருந்து தருவதில்லை. எலும்பு மச்சையை நோய் நெருக்கத் தொடங்கியதா என்பதுதான் முக்கியம். அதைச் சொல்பவை அதே ரிப்போர்ட்டில் நீங்கள் கவனிக்காமல் விட்ட இரண்டு வரிகள்: ஹீமோகுளோபினும் குருதிச்சிறுதட்டும். வாப்பாவுக்கு ஹீமோகுளோபின் 13.4இலிருந்து 13.2, சிறுதட்டு 221,000இலிருந்து 214,000. இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. நோய் காரணமாக ஹீமோகுளோபின் 10க்குக் கீழே, அல்லது சிறுதட்டு 100,000க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். மண்ணீரலோ கணுக்களோ மிகப் பெரிதாக வீங்கினாலும், ஆறு மாதத்தில் உடல் எடை பத்தில் ஒரு பங்கு காரணமின்றிக் குறைந்தாலும், உடுத்த துணி நனையும்படி இரவில் ஒரு மாதத்துக்கு மேல் வியர்த்தாலும், தொற்று எதுவும் இல்லாமல் இரண்டு வாரம் காய்ச்சல் நின்றாலும் அப்படித்தான். லிம்போசைட் ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பானாலும் யோசிப்பார்கள், ஆனால் 30,000க்குக் கீழே இருக்கும்போது அந்தக் கணக்கை மட்டும் நம்ப மாட்டார்கள். வாப்பாவுக்கு நான்கு மாதத்தில் கூடியது 1,500 மட்டும். இதே போக்கில் போனால் இரட்டிப்பாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

லிம்போசைட் தானாகவே ஏறி இறங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடையில் யாராவது கசாயம் கொடுத்து அடுத்த ரிப்போர்ட்டில் 2,000 குறைந்தால், அது கசாயத்தின் வெற்றி அல்ல. இழுப்புக்கோ மூட்டு வலிக்கோ பிரெட்னிசலோன் எடுத்தால் எண்ணிக்கை சிறிது காலம் மேலே பாயும். அதுவும் நோய் முற்றியதன் அடையாளம் அல்ல. ஒரு கொப்பியில் திகதி, லிம்போசைட் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், சிறுதட்டு, உடல் எடை என ஐந்தையும் எழுதி வாருங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள். இந்த இரத்தக் கல எண்ணிக்கைப் பரிசோதனையான எஃப்.பி.சி.க்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை.

ஹீமோகுளோபின் சில வாரங்களுக்குள் சட்டென்று இறங்கி, கண் மஞ்சளாகி, மூச்சு வாங்கினால் மூன்று மாதத் தவணைக்குக் காத்திருக்காதீர்கள். உடலின் எதிர்ப்புச்சக்தியே தன் சிவப்புக் கலங்களை உடைக்கும் நிலை சி.எல்.எல்.இல் வரும். அதற்கு வேறு மருந்து உண்டு. ஒரு கணு மட்டும் வேகமாகப் பெருத்தாலும் உடனே காட்டுங்கள். ஹீமோகுளோபின் மெல்ல மெல்லக் குறைந்தால் எல்லாவற்றையும் சி.எல்.எல். தலையில் போடக்கூடாது, 71 வயதில் குடலில் இரத்தம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மருந்தை விட எனக்கு அதிகம் கவலை தருவது காய்ச்சல்தான். மாரி தொடங்கினால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் டெங்கு ஏறும். வயலில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சலும் உண்டு. டெங்குவில் வெண்கலங்கள் குறையும். வைத்தியர்களுக்கு அது ஒரு தடயம். வாப்பாவுக்கு வழக்கமான அளவே 19,000 என்பதால் அந்தத் தடயம் மறைந்துபோகும். அவரை முன்பின் அறியாத வைத்தியர் அந்த எண்ணைப் பார்த்து, பக்டீரியாத் தொற்று என்று நினைத்து டெங்குவைத் தவறவிடக்கூடும். காய்ச்சலோடு எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், பழைய ரிப்போர்ட்டை முதலிலேயே நீட்டி, ‘இவருக்குச் சி.எல்.எல். இருக்கலாம் என்கிறார்கள், வழக்கமாகவே 19,000 இருக்கும்’ என்று சொல்லுங்கள். பிறகு அவர்கள் சிறுதட்டையும், ஹிமற்றோகிறிட்டையும், நியூட்ரோபில்லின் உண்மை எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்வார்கள். இந்த நோயில் லிம்போசைட் எண்ணிக்கை கூடினாலும் அவை சரியாக வேலை செய்வதில்லை. நியூமோனியாவும் அக்கியும் மற்றவர்களை விட எளிதில் வரும். 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால் வீட்டில் பரசிட்டமோலோடு நாட்களைக் கடத்த வேண்டாம்.

சிகிச்சை தேவைப்படும் காலம் வந்தால், தொடங்கும் முன் 17பி, டி.பி.53 என்ற மரபணு மாற்றங்களுக்கான பரிசோதனையைக் கேளுங்கள். அந்த மாற்றம் இருந்தால் பழைய கீமோதெரபி மருந்துகள் சரியாக வேலை செய்யாது. மாத்திரையாக வரும் புதிய மருந்துகள் வேண்டும். வேறு இடத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பதற்கும் அதுவே பொருத்தமான நேரம். உங்கள் பணத்தை அதற்கு வைத்திருங்கள். உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இதற்காகப் பரிசோதனை எதுவும் தேவையில்லை.

கண்புரை சத்திரசிகிச்சைக்கு இது தடையாக இருக்காது. கண் வைத்தியருக்கு விவரத்தைச் சொல்லிவிட்டுச் செய்துகொள்ளலாம். ஹஜ்ஜுக்கும் இப்போதைய நிலையில் தடை சொல்ல மாட்டேன். சவூதி கேட்கும் மெனிங்கோகொக்கஸ் தடுப்பூசியை இவர் போடலாம். அதோடு இன்ஃபுளுவன்சா, நியூமோகொக்கஸ் தடுப்பூசிகளையும் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே போட்டுவிடுங்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் மட்டும் இவருக்குக் கூடாது, ஊசி போடுபவரிடம் அதைச் சொல்ல வேண்டும். புறப்படும் முன் ஒரு எஃப்.பி.சி. எடுத்து, அதன் பிரதியையும் வைத்தியரின் கடிதத்தையும் வாப்பாவின் கைப்பையிலேயே வைத்து அனுப்புங்கள்.