ரோட்டு விளிம்பில் வெட்டுங்கள்

அன்புள்ள அண்ணா,

பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்ன அனிமேஷன் படம் செய்கிறோம். பின்னணி வரைவது என் வேலை. ஒரு காட்சியில் வெள்ளை யூனிபோர்ம் போட்ட சிறுமி காலைப் பனியில் தோட்டத்து ரோட்டில் நடக்கிறாள். கமெராவும் அவளோடு ஐந்து விநாடி கூடவே போகிறது. ரோட்டுக்குக் கீழே லயம், அதற்கப்பால் எதிர்மலை. எல்லாவற்றையும் ஒரே படமாக வரைந்துவிட்டு முன், நடு, பின் என்று மூன்று லேயராக வெட்டினேன். அசையாமல் பார்த்தால் அழகாக இருக்கிறது. ஓடவிட்டால் ரோட்டுக்கும் லயத்துக்கும் நடுவில் நிலம் கிழிந்து வழுக்குகிறது. தூரத்து மலைக்கு நீலம் அடித்தேன், நம்ம ஊர் போலவே இல்லை. பிள்ளையும் பனிக்குள் காணாமல் போகிறாள். எங்கே பிழை?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கோட்டிலும் நிறத்திலும் குறை சொல்ல அதிகம் இல்லை. வெட்டிய இடம்தான் பிழை.

ஒரு லேயர் ஒரே வேகத்தில்தான் நகரும். அப்படியென்றால், அதில் உள்ள எல்லாமே கமெராவிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதாகப் படம் பார்ப்பவரிடம் சொல்லிவிடுகிறோம். எதிர்மலைக்கு அது பொருந்தும். ரோட்டிலிருந்து லயத்து முற்றம்வரை இறங்கும் சரிவுக்குப் பொருந்தாது. அந்தச் சரிவில் பத்து மீற்றரும் இருக்கிறது, நாற்பது மீற்றரும் இருக்கிறது, நடுவில் உள்ள எல்லாத் தூரமும் இருக்கிறது. நீங்கள் அதை நடுவில் வெட்டி, மேல் பாதியை ரோட்டோடும் கீழ் பாதியை லயத்தோடும் ஒட்டிவிட்டீர்கள். இரண்டு பாதியும் இரண்டு வேகத்தில் போனால் கிழியாமல் என்ன செய்யும்?

தூரம் திடீரென்று தாவும் இடத்தில் மட்டும் வெட்ட வேண்டும். சமவெளிக்காரர்களுக்கு அப்படி ஓர் இடம் தேடுவது பாடு. நமக்கு நிலமே மடிந்து மடிந்து கிடக்கிறது. ரோட்டின் விளிம்பு, கல்கட்டு, ஒவ்வொரு மலையின் முகடு என்று எல்லாமே தனக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் மறைத்து நிற்கின்றன. அந்த மறைவில்தான் வெட்டு விழ வேண்டும்.

உங்கள் காட்சியில் இதற்குச் சுலபமான வழி, கமெராவைக் கீழே இறக்குவது. இப்போது அது பெரிய ஆள் ஒருவர் நின்று பார்க்கும் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. அதனால்தான் சரிவு முழுவதும் தெரிகிறது. பிள்ளையின் நெஞ்சு மட்டத்துக்கு, ஏறக்குறைய 90 சென்ரிமீற்றருக்கு இறக்குங்கள். ரோட்டின் அப்பக்க விளிம்பு சரிவை மறைத்துவிடும். லயத்தின் தகரக் கூரையும் கதவுகளின் மேல் பாதியும் மட்டும் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்கும், முற்றம் தெரியாது. சரிவு கட்டாயம் தெரிய வேண்டும் என்றால் தேயிலை நிரை ஒவ்வொன்றையும் தனி லேயராக்க வேண்டும். நிரைகளுக்கு நடுவே இருக்கும் இருட்டு இடைவெளி வெட்டை மறைத்துக்கொள்ளும். செய்யலாம்தான், ஆனால் ஐந்து விநாடிக்கு அவ்வளவு வேலை தேவையா என்று யோசியுங்கள்.

கமெரா இறங்கியதும் கண்மட்டக் கோட்டையும் மாற்ற வேண்டும். உங்கள் படத்தில் எதிர்மலையின் முகட்டையே கண்மட்டமாக எடுத்துக்கொண்டு லயத்தின் கூரைக் கோடுகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள். மலைநாட்டில் வரைபவர்கள் அடிக்கடி விழும் குழி இது. கடற்கரையில் என்றால் வானமும் தண்ணீரும் சேரும் கோடுதான் கண்மட்டம். இங்கே வானம் தொடங்கும் கோடு மலையின் உயரத்தைத்தான் காட்டும். கமெரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் போகும் கிடைக்கோடுதான் கண்மட்டம். இந்தக் காட்சியில் அது பிள்ளையின் நெஞ்சு வழியாகப் போகிறது, லயக் கூரை அதற்குக் கீழே, எதிர்மலை அதற்கு மேலே ஏறுகிறது. லயத்தின் கிடைக்கோடுகள் சேரும் புள்ளி கண்மட்டத்தில் இருக்கும். படிப்படியாக இறங்கும் லயமாக இருந்தாலும் ஒவ்வொரு படியின் கூரையும் கிடையாகத்தானே இருக்கிறது, ஆகவே அதே புள்ளிதான். ஏறும் ரோட்டை வரையும்போது மட்டும் புள்ளி கண்மட்டத்துக்கு மேலே போகும், இறங்கும் ரோட்டுக்குக் கீழே. அதைச் செய்யாவிட்டால் எவ்வளவு நிழல் அடித்தாலும் ரோட்டு மட்டமாகவே தெரியும்.

சரி, எவ்வளவு நகர்த்துவது? கண்ணளவில் வைக்காதீர்கள், தூரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பது பாதி நகரும், அவ்வளவுதான்.

பிரேம் அகலம் 1920 பிக்சல், விநாடிக்கு 24 பிரேம் என்று வைத்துக்கொள்வோம். 1.2 மீற்றர் உயரப் பிள்ளை திரையில் 400 பிக்சல் உயரம் இருக்கிறாள், கமெராவிலிருந்து பத்து மீற்றரில். விநாடிக்கு 1.2 மீற்றர் நடந்தால் ஐந்து விநாடியில் ஆறு மீற்றர், அதாவது ரோட்டு லேயர் 2000 பிக்சல் நகர வேண்டும். லயம் 40 மீற்றரில், அது 500 பிக்சல். எதிர்மலை 400 மீற்றரில், வெறும் 50 பிக்சல். அதற்கப்பால் எட்டுக் கிலோமீற்றரில் ஒரு மலைத்தொடர் இருந்தால் அதன் பங்கு இரண்டரை பிக்சல், அதை அசைக்கவே வேண்டாம். உங்கள் எதிர்மலை 600 பிக்சல் ஓடுகிறது. மலை காகித அட்டைபோல வழுக்குவதற்கு அதுவே காரணம். கணக்குப்படி அது 33 மீற்றரில் நிற்கும் ஒரு மேடு, மலை அல்ல.

இந்த எண்களிலிருந்தே ஒவ்வொரு லேயரையும் எவ்வளவு அகலமாக வரைவது என்பதும் வந்துவிடும். பிரேமின் அகலத்தோடு நகர்வைக் கூட்டுங்கள். ரோட்டு 3920, லயம் 2420, எதிர்மலை 1970, இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக. லயத்தின் ஒரு காம்பரா பத்தடி அகலம் என்றால் இந்தத் தூரத்தில் அது ஏறக்குறைய 250 பிக்சல். ஆகவே மொத்தமாக ஒன்பது, பத்துக் கதவுகள் வரைந்தால் போதும். கமெரா போகும் திசைக்கு இணையாக லயத்தை வைத்தால் வேலை இன்னும் சுலபம். ரோட்டு விளிம்பிலேயே நிற்கும் குட்டிக் கோயிலோ கட்டடமோ என்றால் கவனம். கமெரா நகரும்போது அதன் பக்கச் சுவர் தெரியும் அளவு மாறவேண்டும், தட்டையான லேயரில் அது மாறாது. அப்படியானதைக் காட்சியிலிருந்தே எடுத்துவிடுவேன்.

நடையையும் இதோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 120 பிரேமில் 2000 பிக்சல் என்றால் 12 பிரேமில் 200. பிள்ளையின் ஓரடிக்கு உங்கள் நண்பர் 12 பிரேம் வைத்திருந்தால் அந்த அடியும் 200 பிக்சல் நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் ரோட்டில் சறுக்கும், பழி உங்கள் பின்னணிமேல் விழும். முன்னால் ஐந்து மீற்றரில் தேயிலைச் செடி வைக்க ஆசை என்றால் அது 4000 பிக்சல் ஓடும், பிரேமுக்கு 33. அந்த வேகத்தில் கூர்மையான இலை விளிம்புகள் துடிக்கும். கருமையான, விளிம்பு மங்கிய உருவமாக மட்டும் வையுங்கள்.

இனி நிறம். தூரத்து மலை நீலமாகத் தெரிவது காற்று தெளிவாக இருக்கும்போது. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் வருவது அது. பனி மூடிய காலையில் நடுவில் இருப்பது நீர்த்துளி. துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேமாதிரி சிதறடிக்கும், அதனால் வெள்ளைச் சாம்பல்தான் வரும். நீங்கள் பனியையும் வரைந்து மலைக்கு நீலமும் அடித்திருக்கிறீர்கள், இரண்டு வானிலை ஒரே படத்தில். முதலில் பனியின் நிறத்தை ஒன்றாகத் தீர்மானியுங்கள், பிறகு ஒவ்வொரு லேயரிலும் தூரத்துக்கேற்ப அதைக் கலந்துகொண்டே போங்கள்.

வெளிச்சத்தை 0 முதல் 100 வரை எண்ணினால், பனி 85, பக்கத்துத் தேயிலையின் நிழல் பக்கம் 25 என்று வைப்போம். லயத்துக்குப் பத்து வீதம் பனி கலந்தால் அந்த இருட்டு 31 ஆகும். எதிர்மலைக்கு 45 வீதம் கலந்தால் 52. எதிர்மலையே இவ்வளவு மங்கினால் அதற்கப்பால் எட்டுக் கிலோமீற்றரில் இருப்பது தெரியவே தெரியாது, அந்த லேயரை நீக்கிவிடலாம். தூரத்துத் தொடரும் வேண்டும் என்றால் பனி மெல்லியதாக இருக்க வேண்டும், அப்போது எதிர்மலைக்குப் பத்து வீதத்துக்குமேல் கலக்கக் கூடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எனக்குக் கனமான பனிதான் பிடித்திருக்கிறது, வரைய வேண்டியதும் குறையும்.

பிள்ளை காணாமல் போவதும் இதே கணக்கில் பிடிபடும். வெள்ளை யூனிபோர்ம் 90க்கு மேலே, பனி 85. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசமே இல்லை. அவளுக்குப் பின்னால் வெறும் பனி வராமல், 52இல் இருக்கும் மலை வரவேண்டும். கமெராவைத் தாழ்த்தியதால் அவளுடைய தலையும் தோளும் மலைமேல்தான் விழுகின்றன, முகடு மட்டும் அவளுடைய தலைக்கு நன்றாக மேலே போகும்படி வையுங்கள். துருப்பிடித்த கூரையின் செம்மண்ணிறம் அவளுடைய இடுப்புக்குப் பின்னால் ஓடும், வேறெங்கும் சூடான நிறம் வேண்டாம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் இது சரியா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

பனியைத் தனி லேயராக வரைந்து எல்லாவற்றுக்கும் மேலே போட்டிருக்கிறீர்கள், பிள்ளையும் அதற்குள் மூழ்கிவிட்டாள். அது லயத்துக்கும் எதிர்மலைக்கும் நடுவில் இருக்க வேண்டும். பள்ளத்தில் பனி தேங்குவதால் மலையின் முகடு கருமையாகவும் அடிவாரம் வெளிறியும் இருக்கும். மலை லேயரின் கீழ் விளிம்பையும் அந்த வெளிறலிலேயே மறைத்துவிடலாம்.

படத்தை ஓடவிடும்போது லயக் கூரையைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் கோடு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கிறது. வெள்ளைத் தாளில் மென்மையான தூரிகையால் வரைந்துவிட்டு வெட்டியதால் விளிம்பில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. வெறுமையான பகுதியில் நிறம் படாதபடி லேயரைப் பூட்டிவிட்டு, விளிம்பைக் கூரையின் நிறத்தாலேயே ஒருமுறை பூசுங்கள். கூரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் மலையையும் முழுதாக வரைந்துவிடுங்கள். கமெரா நகரும்போது அதில் 450 பிக்சல்வரை வெளியே வரும். நண்பர்களுக்கு அனுப்பும்போது PNG கோப்பாக அனுப்புங்கள், JPEG வெறுமையான பகுதியை வைத்திருக்காது.

திரும்ப வரைவதற்கு முன்னால் மூன்று சாம்பல் நிறத் துண்டுகளை வெட்டி, ரோட்டு, லயம், மலை என்று பெயர் வைத்து, மேலே சொன்ன எண்களில் ஓடவிட்டுப் பாருங்கள். அரை மணித்தியால வேலை. அதில் கிழியாவிட்டால் தூரிகையை எடுக்கலாம். ஓடவிட்டதை எனக்கும் அனுப்புங்கள்.